போன் மாற்றினால், பாஸ்வேர்டு மாற்றினால் பணம் ஏன் நிற்கிறது? எத்தனை நாள் நிற்கும், அதற்குள் என்ன செய்யலாம்?

போன மாதம் எங்கள் அத்தான் மதுரையிலிருந்து தேனிக்கு வரும் பஸ்ஸில் போனைத் தொலைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரவு. மகள் கல்யாண மண்டபத்துக்கு மீதிப் பணம் ₹60,000 புதன்கிழமை காலை 10 மணிக்குள் கட்ட வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது, திங்கட்கிழமை புதுப் போனும் புது சிம்மும் கைக்கு வந்துவிட்டன. ஆனாலும் செவ்வாய் மாலை வரை யூபிஐயில் அவரால் ₹5,000-க்கு மேல் ஒரு ரூபாய் அனுப்ப முடியவில்லை. வங்கியில் ஏதோ கோளாறு என்றுதான் அவர் நினைத்தார். கோளாறு எதுவும் இல்லை. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பாதுகாப்புத் தடைகள் அவர் கணக்கின் மேல் ஓடிக்கொண்டிருந்தன.

இந்தத் தடைகள் எப்போது தொடங்குகின்றன, எப்போது முடிகின்றன, எதைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கின்றன என்று தெரிந்தால் பாதித் தலைவலி குறையும். யூபிஐயையும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கணக்கையும் வைத்தே இதைச் சொல்கிறேன். நம்மில் பலர் மாட்டிக்கொள்வது இந்த இரண்டில்தான்.

தடை யாரைப் பார்த்துப் போட்டது

முதலில் யூபிஐ ஆப் உங்களை எப்படி அடையாளம் காண்கிறது என்று பார்ப்போம். புதுப் போனில் ஆப்பைப் போட்டதும், அது அந்தப் போனில் இருக்கும் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். புரியாத எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான செய்தி அது. அது எந்த நம்பரிலிருந்து வந்தது என்று பார்த்து, 'இந்த நம்பர், இந்தப் போன்' என்று எதிர்முனையில் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். டிவைஸ் பைண்டிங் என்பது இதுதான். அதற்குப் பிறகு அந்தப் போனிலிருந்து வரும் கட்டளையை உங்கள் கட்டளையாகவே வங்கி எடுத்துக்கொள்ளும்.

இந்த முடிச்சைத் திருடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்குவது. உங்கள் போனில் சிக்னல் போய்விடும், திருடன் கையில் உங்கள் நம்பர் உயிர் பெறும். இன்னொன்று இதைவிட எளிது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, "ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கேன், அதை அப்படியே இந்த நம்பருக்கு ஃபார்வேர்டு பண்ணுங்க" என்பார்கள். அது அவன் போனில் இருக்கும் ஆப் உருவாக்கிய பைண்டிங் செய்தி. உங்கள் சிம்மிலிருந்து அது போனதும் உங்கள் நம்பர் அவன் போனோடு முடிச்சாகிவிடும். அப்புறம் பின் நம்பரையும் பேசிப் பேசி வாங்கிவிட்டால் கணக்கைத் துடைக்கச் சில நிமிடங்கள் போதும்.

முடிச்சு மாறியதுமே முழுத் தொகையையும் திறந்துவிட்டால், உங்களுக்குச் சந்தேகம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் புதுப் போனில் யூபிஐ போட்டாலும், சிம் மாறினாலும் ஆண்ட்ராய்டில் முதல் 24 மணி நேரத்துக்கு மொத்தம் ₹5,000 மட்டும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஐபோனில் இது 72 மணி நேரம். பிறகு வழக்கமான ஒரு நாள் வரம்பான ₹1 லட்சத்துக்குத் திரும்பும், உங்கள் வங்கி அதைவிடக் குறைவாக வைத்திருந்தால் அந்த அளவுக்கு. ஆண்ட்ராய்டில் அந்த எஸ்எம்எஸ்ஸை ஆப்பே அனுப்பிவிடும். ஐபோனில் செய்தி திரையில் வந்து நிற்கும், நாம்தான் அனுப்பு பொத்தானை அழுத்த வேண்டும். நடுவில் மனிதக் கை வரும் இடத்தில் ஏமாற்று வேலைக்கும் இடம் கூடுகிறது.

இப்படிப்பட்ட தடை இந்தியாவில் மட்டும் இல்லை. சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கி அனுப்பியதுபோல் போலி எஸ்எம்எஸ் வந்து, அதிலிருந்த இணைப்பை நம்பி ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 1.37 கோடி சிங்கப்பூர் டாலர் இழந்தார்கள். விவரங்களை வாங்கிக்கொண்டவர்கள், பணம் அனுப்ப ஒப்புதல் தரும் வங்கியின் டிஜிட்டல் டோக்கனைத் தங்கள் போனில் உயிர்ப்பித்துப் பணத்தை எடுத்தார்கள். அதற்கு அடுத்த மாதமே அந்நாட்டு நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், புதுப் போனில் டோக்கன் உயிர்பெற குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று அறிவித்தன. சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவினர்கள் போனை மாற்றிவிட்டு அரை நாள் காத்திருப்பது அதனால்தான்.

அத்தானின் நான்கு நாட்கள்

இப்போது மணிக்கணக்கைப் பாருங்கள்.

திங்கட்கிழமை காலை ஆதாரைக் காட்டிப் புது சிம் வாங்கினார். மதியம் 1 மணிக்கு சிக்னல் வந்தது, கால் போகிறது, வருகிறது. 2 மணிக்கு யூபிஐ ஆப்பைத் திறந்தார். எஸ்எம்எஸ் அனுப்ப முடியவில்லை என்றது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அதே. ஐந்து முறை முயன்றார். ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று ₹50-க்கு டாப்-அப் வேறு போட்டார்.

இங்கே வேலை செய்தது முதல் தடை. 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவின்படி, சிம் மாற்றிய பின் 24 மணி நேரத்துக்கு அந்த நம்பரில் எஸ்எம்எஸ் வரவும் செய்யாது, போகவும் செய்யாது. கால், இன்டர்நெட் எல்லாம் இருக்கும், எஸ்எம்எஸ் மட்டும் இருக்காது. டூப்ளிகேட் சிம் வாங்கியவன் ஓடிபியைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்டது. எஸ்எம்எஸ் இல்லையென்றால் பைண்டிங் நடக்காது. நெட் பேங்கிங் ஓடிபியும் வராது. இந்த 24 மணி நேரத்தில் மீண்டும் மீண்டும் முயன்று பார்ப்பதால் எந்தப் பயனும் இல்லை. அளவுக்கு மீறி முயன்றால் ஆப்பே உங்களைக் கொஞ்ச நேரம் தள்ளி வைக்கும். சாதா சிம்மிலிருந்து இ-சிம்முக்கு மாறும்போதும் இந்த ஒரு நாளை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் மதியம் 1 மணிக்கு எஸ்எம்எஸ் திறந்தது. 1.15-க்கு பைண்டிங் முடிந்தது, பழைய பின் நம்பரே வேலை செய்தது. யூபிஐ பின் வங்கிக் கணக்கோடு சேர்ந்தது, போனோடு சேர்ந்தது இல்லை. அதனால் போன் மாறியது என்பதற்காகப் புது பின் போட வேண்டியதில்லை. ஆனால் அந்த 1.15-க்குத்தான் இரண்டாவது தடையின் கடிகாரம் ஓடத் தொடங்கியது. புதன் மதியம் 1.15 வரை ₹5,000. மண்டபத்தின் கெடுவோ புதன் காலை 10. அவர் வாங்கியது ஐபோனாக இருந்திருந்தால் வெள்ளி மதியம் வரை இழுத்திருக்கும்.

செவ்வாய் மாலை என்னைக் கூப்பிட்டார். "இந்த ஆப் சரியில்லப்பா. இதைத் தூக்கிட்டு வேற ஆப் போடட்டுமா?"

"அத்தான், தயவுசெய்து எதையும் தொடாதீங்க. வேற ஆப்புல போட்டா வங்கி அதையும் புதுப் பதிவாத்தான் எடுத்துக்கும். ஓடின நேரமும் வீணாயிடும்."

இந்த ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஏதோ மக்கர் செய்கிறது என்று ஆப்பை அழித்து மறுபடி போடுவார்கள், பின் நம்பரை மாற்றுவார்கள், சிம்மை இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். புதிதாகப் பதிவு செய்யும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் சுழியத்துக்குப் போகும். மூன்று நாள் போராடியும் வரம்பு ஏறவில்லை என்று சொல்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நடுவில் ஏதாவது ஒன்றை மாற்றியிருப்பார்கள்.

அத்தான் கடைசியில் பணம் கட்டியது பழைய முறையில். செவ்வாய் அன்று கவுன்டர் மூடிவிட்டது. புதன் காலை வங்கி திறந்ததும் போய், ஒரு செக் இலையோடு நெஃப்ட் படிவத்தை நிரப்பி மண்டபத்தின் கணக்குக்கு ₹60,000 அனுப்பினார். ஆர்டிஜிஎஸ்ஸில் குறைந்தபட்சத் தொகை ₹2 லட்சம் என்பதால் அது இவருக்கு ஆகாது. சீல் போட்ட ரசீதைப் படமெடுத்து மண்டப மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், அவரும் ஒத்துக்கொண்டார். யூபிஐ வரம்பு யூபிஐக்கு மட்டும்தான். கணக்கு பூட்டப்படவில்லை. செக், கிளையில் நெஃப்ட், டெபிட் கார்டு எல்லாம் அதன் போக்கில் வேலை செய்யும். உங்களுக்கு வர வேண்டிய பணமும் வழக்கம்போல வந்துவிடும்.

நெட் பேங்கிங்கில் அனுப்பலாமே என்று தோன்றும். அனுப்பலாம், ஆனால் பணம் பெறுபவரின் கணக்கு ஏற்கெனவே பெனிஃபிஷியரியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். புதிதாகச் சேர்த்தால் அதற்குத் தனியாக ஒரு காத்திருப்பு உண்டு. எச்டிஎஃப்சி வங்கியில், உதாரணமாக, புதிதாகச் சேர்த்தவருக்கு முதல் 24 மணி நேரத்தில் ₹50,000 வரைதான். அத்தானுக்கு ₹60,000 வேண்டும். வங்கிக்கு வங்கி இது மாறும் என்பதால் உங்கள் வங்கியில் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களாக விரும்பிப் போன் மாற்றும்போது

தொலைந்துபோனால் நம் கையில் இல்லை. ஆனால் தீபாவளி ஆஃபரில் புதுப் போன் வாங்குகிறவருக்குத் தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. பள்ளிக் கட்டணம், வாடகை, சீட்டுப் பணம் போன்ற பெரிய தொகை எதுவும் இல்லாத மூன்று நாட்களைப் பாருங்கள். ஐபோன் என்றால் நான்கு நாட்கள். அந்த இடைவெளியில் மாற்றுங்கள்.

முதலில், மாற்றுவதற்கு முந்தின நாள், பெரிய தொகைகளைப் பழைய போனிலேயே அனுப்பி முடித்துவிடுங்கள். புதிதாக யாருக்காவது நெட் பேங்கிங்கில் அனுப்ப வேண்டியிருந்தால் அவரையும் அன்றே பெனிஃபிஷியரியாகச் சேருங்கள். யூபிஐ லைட் வைத்திருந்தால் அதை நிறுத்தி, அதில் இருக்கும் பணத்தைக் கணக்குக்குத் திருப்புங்கள். லைட்டின் இருப்பு அந்தப் போனோடு பிணைந்தது. போனைத் துடைத்து விற்ற பிறகு அதைத் தேடி அலைவது வீண் வேலை.

அடுத்து, பழைய சிம் கார்டையே புதுப் போனில் போட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் கண்டிப்பாக அதையே செய்யுங்கள். கார்டு அதே கார்டு என்பதால் எஸ்எம்எஸ் தடை வராது. ஒரு நாள் மிச்சம். கடைக்காரர் "அப்படியே இ-சிம் ஆக்கித் தரட்டுமா" என்று கேட்டால், அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரம்பு எல்லாம் சரியான பிறகு, வேலை இல்லாத ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, மாற்ற வேண்டியதை எல்லாம் ஒரே அமர்வில் மாற்றிவிடுங்கள். இரண்டு யூபிஐ ஆப் வைத்திருக்கிறீர்களா? இரண்டையும் அதே நேரத்தில் பதியுங்கள். பின் நம்பரை மாற்ற நினைத்திருந்தால் அன்றே மாற்றுங்கள். திங்கட்கிழமை போன், புதன்கிழமை பின், சனிக்கிழமை இன்னொரு ஆப் என்று சில்லறையாகச் செய்தால் வாரம் முழுக்கத் தடையிலேயே இருப்பீர்கள்.

பிறகு பைண்டிங் முடிந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்று பொதுவாக நினைத்துக்கொண்டு மறுநாள் காலை 9 மணிக்கு முயல்வார்கள். ஆனால் நேற்று மதியம் 1.15-க்குப் பதிந்ததற்கு இன்று 9 மணி என்பது இன்னும் 20 மணி நேரம்கூட ஆகாத நேரம். நான் எழுதிய நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு, முதலில் ₹5,001 போல வரம்பைத் தாண்டும் ஒரு தொகையை என் இன்னொரு கணக்குக்கே அனுப்பிப் பார்ப்பேன். அது போனால் பெரிய தொகையை அனுப்பத் துணிவேன்.

எக்ஸ்சேஞ்ச் கணக்கில் இது வேறு மாதிரி

கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் தடை போனைவிட பாஸ்வேர்டோடும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்போடும் கட்டப்பட்டிருக்கிறது. பைனான்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் பாஸ்வேர்டை மாற்றினால் 24 மணி நேரத்துக்கு வித்டிராவல் நிற்கும், பி2பி-யில், அதாவது இன்னொரு ஆளிடம் நேரடியாக, விற்பதும் நிற்கும். மாற்றும் முன்பே திரையில் இதைச் சொல்லி உங்கள் ஒப்புதலைக் கேட்பார்கள். அவசரத்தில் படிக்காமல் அழுத்திவிடுகிறோம். இந்த நேரத்தில் எக்ஸ்சேஞ்சின் சந்தைக்குள் வாங்குவது, விற்பது, பணம் உள்ளே போடுவது எல்லாம் நடக்கும். வெளியே எடுப்பது மட்டும்தான் அடைபடும்.

இங்கே தடை கடுமையாக இருக்கக் காரணம் உண்டு. வங்கியில் தவறாகப் போன பணம் இன்னொரு வங்கிக் கணக்கில்தான் போய் விழும், சீக்கிரம் சொன்னால் அங்கே முடக்க முடியும். பிட்காயினோ யூஎஸ்டிடியோ வெளி வாலட்டுக்குப் போய்ப் பதிவாகிவிட்டால் அதை எக்ஸ்சேஞ்சால் திருப்பி இழுக்க முடியாது. அனுப்புவதற்கு முந்தைய நேரம் ஒன்றுதான் தடுக்கக் கிடைக்கும் நேரம். நம் ஊர்ப் பங்குத் தரகர்களிடம் இவ்வளவு நெருக்கடி தெரியாது. அங்கே பணம் ஏற்கெனவே பதிவான உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் திரும்பும், பாஸ்வேர்டைத் திருடியவனால் வேறு கணக்குக்கு நேராக எடுக்க முடியாது.

எக்ஸ்சேஞ்ச் வைத்திருப்பவர்கள் போன் மாற்றும்போது தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு முக்கியமான விஷயம் உண்டு. கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற ஆப்பில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் ஒரு ரகசியக் குறியிலிருந்தும் அந்த நொடியின் நேரத்திலிருந்தும் பிறக்கிறது. எக்ஸ்சேஞ்சிடம் இருப்பதும் அதே ரகசியக் குறிதான். எந்தப் போனில் அது இருக்கிறது என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. அதனால் பழைய போன் கையில் இருக்கும்போதே, ஆப்பில் கணக்குகளை மாற்றும் வசதியைத் திறந்து, வரும் க்யூஆர் கட்டத்தைப் புதுப் போனில் ஸ்கேன் செய்தால் குறி அப்படியே நகர்ந்துவிடும். எக்ஸ்சேஞ்சின் அமைப்பில் நீங்கள் எதையும் மாற்றவில்லை என்பதால் இதற்காகத் தடை வராது. புதுப் போனிலிருந்து லாகின் செய்யும்போது மெயிலில் ஒரு உறுதிப்படுத்தல் கேட்பார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான்.

இதை மறந்து பழைய போனை விற்றுவிட்டால், சரிபார்ப்பையே ரீசெட் செய்யச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டை, முகத்தைக் காட்டும் சரிபார்ப்பு, அப்புறம் அவர்கள் பரிசீலனை, அது முடிந்த பிறகு தடைக்காலம். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை நாள்கணக்கில் நீளும். நகர்த்திய பிறகும் பழைய போனை உடனே துடைத்துவிடாதீர்கள். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து ஒரே நொடியில் ஒரே ஆறு இலக்கம் காட்டுகின்றனவா என்று பாருங்கள். வேறு வேறு எண் காட்டினால் புதுப் போனின் நேரம் தானாகச் சரியாகும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் பிசகு இருக்கும். பிறகு புதுப் போனின் எண்ணைப் போட்டு ஒருமுறை லாகின் செய்து பார்த்துவிட்டுப் பழையதைத் துடைக்கலாம்.

சந்தை சரியும் நாளில் பயந்துபோய் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். விற்க முடியும், ஆனால் அந்தப் பணத்தை அன்று வெளியே எடுக்க முடியாது. வேறு யாரோ உள்ளே வந்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மாற்றுங்கள். அப்போது தடை உங்களுக்காகத்தான் வேலை செய்கிறது.

இது உண்மையான தடைதானா?

பாதுகாப்புத் தடை என்ற பெயரை மோசடிக்காரர்களும் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். டெலிகிராம் குழுவில் ஒருவர் சொன்ன டிரேடிங் தளத்தில் ₹20,000 போட்டிருப்பீர்கள், திரையில் அது ₹1,80,000 என்று வளர்ந்திருக்கும். எடுக்கப் போனால் "புது டிவைஸில் லாகின் செய்ததால் வித்டிராவல் முடக்கப்பட்டுள்ளது, சரிபார்ப்பு டெபாசிட்டாக ₹18,000 கட்டினால் திறக்கும்" என்று வரும். கட்டினால் அடுத்து வரி, அதற்கடுத்து இன்னொரு கட்டணம். எடுக்கப்போகும் பணத்திலேயே கழித்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். அங்கே எடுக்கப் பணமே இல்லை.

உண்மையான தடையை அடையாளம் காண மூன்று கேள்விகள் போதும். நீங்கள் செய்த ஏதோ ஒரு மாற்றத்துக்குப் பிறகு வந்ததா? முடியும் நேரம் சொல்லப்பட்டிருக்கிறதா? உங்களிடம் எதுவும் கேட்காமல் தானாகவே முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் பொறுத்திருங்கள். தடையை எடுக்கப் பணம் கேட்டால், அல்லது ஓடிபி, பின், திரையைப் பகிரும் ஆப் இவற்றில் ஒன்றைக் கேட்டால், எதிரில் இருப்பவர் திருடர். உண்மையான கஸ்டமர் கேரில் கெஞ்சினாலும் பொதுவாக இந்த நேரத்தைக் குறைத்துத் தர மாட்டார்கள். கெஞ்சினால் குறையும் என்றால் உங்களைப்போல் பேசும் திருடனுக்கும் குறைந்துவிடும் அல்லவா? அதனால் "நான் ஐந்தே நிமிடத்தில் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது தானாகக் கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் நம்பர்களை நம்பாதீர்கள், ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பக்கத்தையோ உங்கள் டெபிட் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் நம்பரையோ பயன்படுத்துங்கள்.

நீங்கள் எதையும் மாற்றவில்லை, ஆனால் தடை வந்திருக்கிறது

எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். 'உங்கள் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது, 24 மணி நேரத்துக்கு வித்டிராவல் நிறுத்தப்பட்டது' என்று மெயில் வருகிறது. நீங்கள் மாற்றவில்லை. அப்படியானால் யாரோ உள்ளே இருக்கிறார், அவரும் அதே 24 மணி நேரம் முடியக் காத்திருக்கிறார். நேரம் இருக்கிறது, ஆனால் வீணாக்க முடியாது.

முதலில், அந்த மெயிலில் இருக்கும் இணைப்பை அழுத்தாதீர்கள். மெயிலே போலியாக இருக்கலாம். ஆப்பை நீங்களாகத் திறந்து பாருங்கள். பழைய பாஸ்வேர்டு வேலை செய்தால் மெயில் தூண்டில். வேலை செய்யவில்லை என்றால் விஷயம் உண்மை.

உண்மை என்றால் எக்ஸ்சேஞ்சுக்கு ஓடும் முன் உங்கள் மெயில் கணக்கைப் பாருங்கள். பாஸ்வேர்டு ரீசெட் வந்ததே அந்த வழியாகத்தான் இருக்கும், அதைச் சரி செய்யாமல் மற்றதைச் சரி செய்தால் அவன் மறுபடி வருவான். மெயிலின் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லா டிவைஸ்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். எக்ஸ்சேஞ்சின் பெயர் வரும் மெயில்களை நேராகக் குப்பைக்கு அனுப்பச் சொல்லி அவன் ஒரு ஃபில்டர் போட்டு வைத்திருக்கலாம். எச்சரிக்கை மெயில் உங்கள் கண்ணில் படாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். குப்பைக் கூடையையும் ஒருமுறை பாருங்கள். அதன் பிறகு எக்ஸ்சேஞ்சின் உதவிப் பக்கம் வழியாகக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், புதுப் பாஸ்வேர்டு போடுங்கள், வெளி மென்பொருள் உங்கள் கணக்கை இயக்க வழிவிடும் ஏபிஐ சாவிகளிலோ வாலட் முகவரிகளிலோ உங்களுக்குத் தெரியாதவை இருந்தால் நீக்குங்கள்.

யூபிஐ பக்கம் இதே அபாயத்தின் அறிகுறி வேறு. போனில் திடீரென்று சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவர்களின் அதே கம்பெனி சிம்மில் சிக்னல் இருந்தால், உங்கள் நம்பரில் வேறு சிம் உயிர் பெற்றிருக்கலாம். வீட்டில் இன்னொருவர் போனை வாங்கி உடனே சிம் கம்பெனிக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். முதல் ஒரு நாள் அவனுக்கு எஸ்எம்எஸ் வராது என்பதால் ஓடிபி அவன் கைக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது. வங்கியிடம் யூபிஐ, நெட் பேங்கிங், கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். பணம் போயிருந்தால் 1930-க்குக் கூப்பிடுங்கள், cybercrime.gov.in-இலும் பதியுங்கள். போன் திருடுபோயிருந்தால் sancharsaathi.gov.in-இல் அந்தப் போனையே முடக்கலாம், உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் அங்கேயே பார்க்கலாம்.

வங்கியிடம் சொல்வதில் ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கி மேலும் உங்கள் மேலும் தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடியை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்றது. நான்கிலிருந்து ஏழு நாள் ஆகிவிட்டால் ஒரு பகுதி உங்கள் தலையில். பின் நம்பரை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்களுடையது, கொடுத்த பிறகு போவது வங்கியுடையது. கூப்பிட்ட நேரம், பேசியவர் சொன்ன புகார் எண், தடை மெயில் வந்த நேரம் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இந்தக் கணக்கைப் பார்க்கும்போது அந்தத் தாள்தான் கேட்கப்படும்.

அத்தானின் வரம்பு புதன் மதியம் 1.15 தாண்டியதும் ஏறியது. 2 மணிக்குப் பந்தல்காரருக்கு ₹12,000 அனுப்பிப் பார்த்தார், போய்விட்டது. போன் தொலைந்த ஞாயிறு இரவே அவர் வங்கிக்குச் சொல்லி யூபிஐயை நிறுத்தியிருந்தார். அதனால் பழைய போனை எடுத்தவர் கையில் அந்தக் கணக்கு சிக்கவில்லை.